ஊசிக்குக் கண் கிடையாது, காதுதான் உண்டு

"கண் உண்டு, ஆனால் பார்க்காது. அது என்ன?"

இதற்கு விடை ஊசி என்று அச்சடித்து, பக்கத்தில் கலரில் ஊசிப் படமும் போட்டு, குழந்தைகளுக்கான விடுகதைப் புத்தகம் என்று விற்கிறார்கள். ஊசிக்குக் கண் எங்கே ஐயா இருக்கிறது? இங்கிலீஷ்காரன் ஊசியின் ஓட்டையைக் கண் என்கிறான். நாம் அதைக் காது என்கிறோம். நூல் கோக்கத் தெரிந்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் "ஊசிக் காது"தான். அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கும் அவருடைய பாட்டி அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் இங்கிலீஷ் வரியைப் பார்த்தவுடன் பாட்டி மறந்து போய்விட்டார், அகராதி ஞாபகம் வந்துவிட்டது.

இதெல்லாம் ஒரு விஷயமா, நாலு பக்கம் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். எனக்கு இது விஷயம்தான். ஏன் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

வங்கி உத்தியோகம். மாற்றல் ஆகி ஆகி இப்போது போபாலில் இருக்கிறோம். என் பெண் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், கீழே விளையாடப் போனால் ஹிந்தி. தமிழ் வீட்டுக்குள் மட்டும். அந்த வீட்டுத் தமிழிலும் எண்பது சதவீதம் என்ன என்று நினைக்கிறீர்கள்? "சாப்பிடு", "குளி", "ஹோம்வொர்க் முடிச்சியா", "போனைக் கீழே வை". அதாவது உத்தரவு போடுகிற மொழி. சிரிக்கிற மொழி ஹிந்தி, பரீட்சை எழுதுகிற மொழி இங்கிலீஷ், திட்டு வாங்குகிற மொழி தமிழ். இப்படிப் பிரிந்துவிட்டால் எந்தக் குழந்தை எந்த மொழியை விட்டுவிடும் என்று கணக்குப் போட பி.காம். கூடத் தேவையில்லை.

அதனால்தான் விடுகதையும் கடி ஜோக்கும் எனக்கு முக்கியம். ஐந்து செகண்டில் முடிந்துவிடும். சாப்பாட்டுத் தட்டுக்கும் ஸ்கூல் வேனுக்கும் நடுவில் சொல்லிவிடலாம். கதை படிக்க வைப்பது மாதிரி கெஞ்ச வேண்டாம். ஆனால் அது சிரிப்பு வரவழைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று தமிழ் ஜோக்குகள் புஸ்ஸென்று போனால், குழந்தை அந்த மூன்று ஜோக்கையும் குறை சொல்லாது. தமிழில் ஜோக் நன்றாக இருக்காது என்று முடிவு கட்டிவிடும். என் கோபம் அங்கேதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

விடுகதையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பொருளைப் பார்த்துச் செய்தது. இன்னொன்று, சொல்லைப் பார்த்துச் செய்தது. முட்டையைக் கதவில்லாத வீடு என்று சொன்னால் அது பொருளைப் பார்த்துச் செய்தது. முட்டைக்கு எந்த ஊரிலும் கதவு கிடையாது. ரஷ்யாவிலிருந்து வந்தாலும் ராமநாதபுரத்தில் செல்லும். அதைத் தாராளமாக மொழிபெயர்க்கலாம், ஒரு சேதமும் இல்லை. ஆனால் ஊசியின் கண் சொல்லைப் பார்த்துச் செய்தது. அங்கே வேடிக்கை ஊசியில் இல்லை, eye என்கிற இங்கிலீஷ் வார்த்தையில் இருக்கிறது. அந்த வார்த்தையைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஒரு தையல் சாமான்.

கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இங்கிலீஷில் கடிகாரத்துக்கு இருப்பது கை. அதனால் அவர்கள் "கை இருக்கு, கை தட்டாது" என்று விடுகதை போடுகிறார்கள். ஹிந்தியில் கடிகாரத்துக்கு இருப்பது ஸூயி, அதாவது ஊசி. டாக்டர் போடுகிற ஊசிக்கும் அதே வார்த்தைதான். அதனால் ஹிந்தியில் போட்டால் "ஊசி இருக்கு, தைக்காது" என்றோ, "ஊசி இருக்கு, டாக்டர் இல்லை" என்றோ போட வேண்டும். தமிழில் இருப்பது முள். பெரிய முள், சின்ன முள். அப்படியானால் தமிழில் எப்படி இருக்க வேண்டும்? "மூணு முள்ளு இருக்கு, ஒண்ணும் குத்தாது. நாள் பூரா ஓடும், சுவரை விட்டு நகராது." இப்படிப் போட்டால் தமிழ்க் குழந்தை முதலில் ரோஜாச் செடியை நினைக்கும், அப்புறம் மீன் முள்ளை நினைக்கும், அப்புறம் சுவரைப் பார்க்கும். அந்த மூன்றாவது பார்வைதான் விடுகதை. "கை இருக்கு, தட்டாது" என்று தமிழில் கேட்டால் குழந்தை சட்டையைச் சொல்லும், நாற்காலியைச் சொல்லும். இரண்டுமே சரியான விடை! சட்டைக்குக் கை உண்டு, நாற்காலிக்கும் கை உண்டு. கடிகாரத்துக்குத்தான் கிடையாது. புத்தகம் தப்பு, குழந்தை ரைட்டு. ஆனால் மார்க் போடுவது புத்தகம்.

இந்த மாதிரி விடுகதை என்ன செய்கிறது என்று பாருங்கள். கடிகார முள் என்று தினமும் சொல்கிறோம், அதில் முள் இருப்பதே நமக்கு மறந்துவிட்டது. மறந்துபோன அந்த முள்ளை விடுகதை நம் காலில் குத்திக் காட்டுகிறது. ஒவ்வொரு மொழியிலும் மறந்துபோனது வேறு. இங்கிலீஷில் மறந்துபோனதைத் தமிழில் எப்படி ஞாபகப்படுத்த முடியும்? நமக்கு அது ஞாபகத்திலேயே இருந்தது இல்லையே.

இப்போது ஊசிக்குத் திரும்புவோம். மொழிபெயர்ப்பாளருக்கு வேலை ஒன்றும் கஷ்டமாக இருந்திருக்காது. கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு விடையை மட்டும் மாற்றியிருக்கலாம். "கண் உண்டு, பார்க்காது" என்பதற்குத் தமிழில் ஒரு பிரமாதமான விடை சமையலறையிலேயே உட்கார்ந்திருக்கிறது: தேங்காய். மூன்று கண். கூடவே குடுமியும் உண்டு. "மூணு கண்ணு இருக்கு, பார்க்காது. குடுமி இருக்கு, பூசாரி இல்லை." முடிந்தது.

அப்படியானால் ஊசி வீணாகப் போய்விட்டதா? அதுவும் இல்லை. இங்கிலீஷில் இன்னொரு விடுகதை இருக்கிறது: காது உண்டு, கேட்காது, அது என்ன? அவர்கள் விடை மக்காச்சோளம். அவர்கள் பாஷையில் சோளக்கதிருக்கும் ear தான் பெயர். தமிழில் சோளத்துக்குக் காது கிடையாது, கதிர்தான். ஆனால் காது உள்ள சாமான் ஒன்று நம்மிடம் சும்மா நிற்கிறதே, அந்த ஊசி! "ஒத்தைக் காது, அதுவும் கேட்காது. ஆனா நூலைத் தொங்கவிடும்." கண் கேள்விக்கு ஊசிக்குப் பதில் தேங்காய் வந்தது, காது கேள்விக்குச் சோளத்துக்குப் பதில் ஊசி வந்தது. கேள்வி இரண்டும் அசையவில்லை. விடைகள் மட்டும் நாற்காலி மாறி உட்கார்ந்துவிட்டன.

எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சீப்புக்கு இங்கிலீஷிலும் பல், தமிழிலும் பல். மேஜைக்கு அங்கேயும் கால், இங்கேயும் கால். "பல் இருக்கு, கடிக்காது" அப்படியே வரும். அதையும் மாற்றுகிறேன் என்று கிளம்பினால் அது மேதாவித்தனம். முதலில் வார்த்தையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இருந்தால் விட்டுவிடு, இல்லாவிட்டால் மாற்று. அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் இதற்குச் சரியான உவமை இருக்கிறது. ஒருவர் டாலர் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் அதை மாற்றி ரூபாயாகக் கொடுக்கிறோம். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதில்லை. ஜெராக்ஸில் படம் அச்சு அசலாக இருக்கும், ஒரு கோடு குறையாது, ஆனால் மளிகைக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது. மாற்றிய ரூபாயில் டாலரின் படம் ஒன்றுகூட இருக்காது, ஆனால் மதிப்பு வந்து சேர்ந்துவிடும். வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்த ஜோக் அந்த ஜெராக்ஸ் நோட்டு.

இங்கே எங்கள் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் ஒருவர் இருக்கிறார், ரிட்டயர்டு வாத்தியார். நல்ல மனுஷர், ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பவர். இதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"சார், நீங்க மாத்திட்டா அது வேற விடுகதை. மூலத்துக்கு என்ன மரியாதை?" என்பார்.

"சார், மூலத்துல குழந்தை சிரிச்சுதா இல்லையா?"

"சிரிச்சிருக்கும்."

"தமிழ்ல?"

"அது... அடியில ஒரு குறிப்பு போட்டுடலாம் சார். ஆங்கிலத்தில் இப்படி ஒரு வழக்கு உண்டுன்னு."

எனக்கு வருகிற கோபத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். ஜோக்குக்கு அடிக்குறிப்பா! குறிப்பைப் படித்துவிட்டு எந்தக் குழந்தை உருண்டு புரண்டு சிரித்தது? மரியாதை என்று அவர் சொல்கிறாரே, மூலத்தில் இருந்த முக்கியமான சரக்கு எது? ஊசியா? இல்லை. குழந்தை ஏமாந்து, பிறகு "அட!" என்று சொன்னதுதான் சரக்கு. அதைத் தொலைத்துவிட்டு ஊசியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன் என்றால், கல்யாணப் பெண்ணை ரயிலில் விட்டுவிட்டு பெட்டியை மட்டும் இறக்கிய கதைதான்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியர் பெயர் உள்ள கதையோ கவிதையோ என்றால் இப்படி இஷ்டத்துக்கு மாற்றிவிட்டு மொழிபெயர்ப்பு என்று போடக்கூடாது. தழுவல் என்று சொல்லிவிட வேண்டும், அனுமதியும் வாங்க வேண்டும். நான் பேசுவது ஊர் பேர் தெரியாத ஒற்றை வரி விடுகதைகளைப் பற்றி. அவற்றுக்கு அப்பன் யார் என்று யாருக்கும் தெரியாது. வாய்க்கு வாய் மாறி வந்ததுதான் அவற்றின் பிழைப்பே.

இன்னும் கஷ்டமான ஒன்றைப் பார்ப்போம். இங்கிலீஷ் படிக்கிற எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த ஜோக். ஆறு ஏன் ஏழைக் கண்டு பயந்தது? ஏனென்றால் ஏழு, எட்டு, ஒன்பது. இங்கிலீஷில் எட்டும் "சாப்பிட்டது" என்பதும் ஒரே சத்தம், எய்ட். ஏழு ஒன்பதைத் தின்றுவிட்டதால் அடுத்து நம்மையும் தின்னும் என்று ஆறுக்குப் பயம். வாட்ஸப்பில் இதைத் தமிழில் ஒருவர் அனுப்பியிருந்தார்: "ஏனென்றால் ஏழு எட்டு ஒன்பது." கீழே நாலு சிரிப்பு பொம்மை வேறு. யாருக்கு என்ன புரிந்து சிரித்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

இதற்கு விடையை மட்டும் மாற்றினால் போதாது. கேள்வியையும் கழற்ற வேண்டும். நான் செய்கிற முறை இதுதான். முதலில் ஜோக்கில் எந்த வார்த்தை கொக்கியோ அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். இங்கே எட்டு. அதைத் தூக்கி எறிந்தால் மிச்சம் என்ன? பக்கத்துப் பக்கத்து நம்பர்கள், ஒன்று இன்னொன்றைப் பார்த்து மனுஷன் மாதிரி நடந்துகொள்கிறது, காரணம் ஒரே சொல்லில் வருகிறது. இதுதான் கூடு. இந்தக் கூட்டில் வைக்கத் தமிழ் நம்பர்களில் இரட்டை அர்த்தம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

தேடினால் கொட்டிக் கிடக்கிறது சாமி. ஆறு என்றால் நதி, ஆறிப்போ என்றும் அர்த்தம். எட்டு என்றால் எட்டிப் பிடி. கால் என்றால் நாலில் ஒரு பங்கு, உடம்பில் உள்ள கால். எல்லாவற்றையும்விட அருமை, ஏழு. அதோடு ஐ உருபு சேர்ந்தால் "ஏழை". அப்படியானால்:

"எட்டு திரும்பிப் பார்த்துட்டு உடனே அஞ்சு ரூபா தர்மம் போட்டுச்சு. ஏன்?"

"அது பார்த்தது ஏழை!"

பார்த்தது ஏழு என்கிற நம்பரை. பார்த்தது ஒரு ஏழை மனிதரை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் முழுசாக உட்கார்ந்துவிட்டன. கூடு அப்படியே இருக்கிறது, உள்ளே இருப்பது மட்டும் சுத்தத் தமிழ். இதைத் திருப்பி இங்கிலீஷில் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள் பார்ப்போம், அவர்கள் முழிக்கட்டும் :-)

ஒரு முறை கதவு திறந்தால் அடுத்தது தானாக வரும். "சுடச்சுட இருக்கிற காப்பிகிட்ட ஒரே ஒரு நம்பர் சொல்லணும், என்ன நம்பர்?" ஆறு! "அலமாரி மேல இருக்கிற பிஸ்கட் டப்பாவை எடுக்க என்ன நம்பர் வேணும்?" எட்டு! இவையெல்லாம் எந்த இங்கிலீஷ் ஜோக்கின் மொழிபெயர்ப்பும் இல்லை. ஆனால் அந்த இங்கிலீஷ் ஜோக் இல்லாவிட்டால் இவற்றைத் தேடியிருக்கவே மாட்டோம். வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வடிவத்தை.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இங்கிலீஷில் வார்த்தை மொட்டையாக நிற்கும். தமிழில் வார்த்தைக்கு வால் உண்டு. ஐ, ஆல், கு, இல் என்று ஏதாவது ஒட்டிக்கொள்ளும். வால் ஒட்டினால் இரட்டை அர்த்தம் பெரும்பாலும் செத்துவிடும். "ஆறு" என்றால் நம்பரும் உண்டு, "ஆறிப்போ"வும் உண்டு. "ஆறால்" என்று ஆக்கினால் காப்பி ஆறாது, வெறும் வகுத்தல் கணக்குதான். ஆகவே கொக்கி வார்த்தையை வால் இல்லாமல், வாக்கியத்தின் கடைசியில் நிறுத்த வேண்டும். அல்லது ஏழை மாதிரி, வால் ஒட்டுவதாலேயே புது அர்த்தம் பிறக்க வேண்டும். நடுவாந்தரமாக நின்றால் வேலைக்கு ஆகாது.

இன்னொன்று, எழுதிப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, சொல்லிப் பார்க்க வேண்டும். அரை என்று எழுதினால் பாதி, அறை என்று எழுதினால் கன்னத்தில் விழுவது. காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது, அதனால் வாயால் சொன்னால் ஜோக் பலிக்கும். புத்தகத்தில் அச்சடித்தால் எழுத்தே விடையைக் காட்டிக் கொடுத்துவிடும். காதுக்கு உள்ள ஜோக் வேறு, கண்ணுக்கு உள்ள ஜோக் வேறு. புத்தகம் போடுகிறவர்கள் இதையாவது பார்க்கலாம்.

வாசல் கதவைத் தட்டி "யாரு?" என்று கேட்கும் நாக்-நாக் ஜோக்குகளையும் இதே கணக்கில் பார்க்கலாம். இங்கிலீஷில் பெயரைச் சொன்னவுடன் பெயரோடு "ஹூ" என்று சேர்த்துக் கேட்பது சட்டம். நாம் அப்படிக் கேட்பதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் "எந்த மணி?" என்றுதான் கேட்போம். அப்படியானால் அந்த இடத்தில்தான் கொக்கியை மாட்ட வேண்டும்.

"டொக் டொக்."
"யாரு?"
"மணி."
"எந்த மணி?"
"எட்டு மணி! இன்னுமா தூங்கறே?"

காலை நேரத்தில் போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னால் இன்னும் நன்றாகப் பலிக்கும்.

இங்கிலீஷை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஹிந்தியிலிருந்து வருவதிலும் இதே வம்புதான், ஆனால் வம்பு வேறு இடத்தில். யானை, எறும்பு ஜோக்குகள் ஹிந்தியில் ஏராளம். ஸ்கூட்டரில் இரண்டும் போகின்றன, விபத்து, யானைக்கு அடி, எறும்புக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் எறும்பு ஹெல்மெட் போட்டிருந்தது. இதில் வார்த்தை விளையாட்டு கிடையாது, படம்தான். அப்படியே தமிழுக்கு வரும். ஆனால் அதே ஜோடிக்குக் கல்யாணம், காதல் என்று வருகிற ஜோக்குகளைச் சொல்லிப் பாருங்கள், தமிழில் சப்பென்று இருக்கும். காரணம் ரொம்ப சுலபம். ஹிந்தி இலக்கணத்தில் ஹாத்தி ஆண், சீண்ட்டி பெண். வினைச்சொல்லிலேயே அது தெரியும், யானை "போலா", எறும்பு "போலீ". ஜோக் ஆரம்பிக்கும்போதே அங்கே ஒரு மாப்பிள்ளையும் ஒரு பெண்ணும் நிற்கிறார்கள். தமிழில் இரண்டுமே "அது சொன்னது". அஃறிணைக்கு ஏது கல்யாணம்? அதனால் தமிழில் சொல்லும்போது யானை அண்ணன், எறும்பு அக்கா என்று உறவு வைத்துவிட வேண்டும். ஹிந்தியில் இலக்கணம் இலவசமாகக் கொடுப்பதைத் தமிழில் உறவுமுறையை வைத்து வாங்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தால் ஜோக் எழுந்து உட்கார்ந்துவிடும்.

ஹிந்திக்காரர்களிடம் இன்னொரு நல்ல சரக்கு உண்டு. அமீர் குஸ்ரோ (1253-1325) பெயரில் வழங்கும் "தோ ஸுக்னே". இரண்டு கேள்வி கேட்பார்கள், இரண்டுக்கும் ஒரே பதில். கறியை ஏன் தின்னவில்லை, பாட்டுக்காரன் ஏன் பாடவில்லை என்று ஒன்று. "கலா" இல்லை என்பது பதில். அந்தச் சொல்லுக்கு வெந்தது என்றும் பொருள், தொண்டை என்றும் பொருள். இதைத் தமிழில் மொழிபெயர்க்க முடியாது, முயற்சியே செய்ய வேண்டாம். ஆனால் அச்சு என்ன அழகான அச்சு! அதில் நம் மாவை ஊற்றினால்:

"காப்பியை ஏன் இன்னும் குடிக்கலை? முழங்கால்ல பிளாஸ்திரியை ஏன் இன்னும் பிரிக்கலை?"

"இன்னும் ஆறலை."

காப்பியும் ஆறவில்லை, புண்ணும் ஆறவில்லை. என் பெண் இதைக் கேட்டு "ஐயோ அப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கடி ஜோக்குக்கு அதுதான் கைதட்டல்.

இப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். "எதுக்குங்க இங்கிலீஷும் ஹிந்தியும்? நம்ம தாத்தா பாட்டி சொன்ன விடுகதையே ஆயிரம் இருக்கே!" இருக்கிறது, யார் இல்லை என்றார்கள். ஆனால் அவற்றில் பாதிக்கு விடை என்ன? உரல், அம்மி, ஏற்றம், பத்தாயம். போபாலில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வளர்கிற குழந்தை பத்தாயத்தை எங்கே பார்த்தது? விடுகதையில் எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. விடை குழந்தையிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். இருந்தும் தெரியாமல் போனால்தான் வேடிக்கை. இல்லாததைக் கேட்டால் அது விடுகதை இல்லை, பொது அறிவுத் தேர்வு. "உரல்" என்று விடை சொன்னவுடன் "உரல்னா என்னப்பா?" என்று அது திருப்பிக் கேட்டால் ஆட்டம் முடிந்தது, பாடம் ஆரம்பம்.

ஆகவே தமிழிலிருந்து தமிழுக்கே மாற்ற வேண்டியிருக்கிறது. உரலை எடுத்துவிட்டு அதே சமையலறையில் இன்று இருப்பதைப் பாருங்கள். மிக்சி. "கத்தியை வெச்சுக்கிட்டே கத்திக்கிட்டிருக்கும், ஆனா கொள்ளைக்காரன் இல்லை. யாரு?" மிக்சிக்குள் கத்தியும் உண்டு, கத்தலும் உண்டு. இதைப் பாட்டி கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருடைய பாட்டி சொன்னதை அவரும் இப்படித்தான் மாற்றிச் சொல்லியிருப்பார். பாட்டி விடுகதை என்று நாம் கும்பிடுகிற எல்லாமே யாரோ ஒருவர் தன் வீட்டு முற்றத்தைப் பார்த்துச் செய்ததுதான். உரல் அன்று புது மிக்சி.

பலித்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிரிப்பை நம்பாதீர்கள். நாம் சிரித்தால் குழந்தையும் கூடச் சிரிக்கும், அது தாட்சண்யம். விடையைச் சொன்ன பிறகு "அப்படின்னா?" என்று கேட்டால் ஜோக் போணியாகவில்லை. "போப்பா" என்று முகத்தைச் சுளித்தால் போணி ஆகிவிட்டது. நிஜமான பரீட்சை மறுநாள்தான். அதே விடுகதையை அது இன்னொருவரிடம் போட வேண்டும். அம்மாவிடமோ, போனில் தாத்தாவிடமோ. போடவில்லை என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்யுங்கள். இதிலும் ஒரு எல்லை உண்டு. ஆறேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இரட்டை அர்த்தம் பெரும்பாலும் பிடிபடாது. அவர்கள் கேள்வி கேட்கிற விளையாட்டைத்தான் ரசிப்பார்கள், விடையாக எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். அந்த வயதுக்கு முட்டை, தேங்காய் என்று பொருளைப் பார்த்துச் செய்ததே போதும். ஏழையும் ஆறலையும் கொஞ்சம் பொறுத்துப் போடலாம்.

எனவே புத்தகம் போடுகிற புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். இருநூறு விடுகதை வேண்டாம், இருபது போதும். ஆனால் ஒவ்வொன்றையும் அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் இங்கிலீஷ் தெரியாத ஒரு குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். விடையைச் சொன்ன பிறகு விளக்கம் தேவைப்பட்டால் அதை எடுத்துவிடுங்கள். அடிக்குறிப்பு போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். வாட்ஸப்பில் தள்ளிவிடுகிற அப்பா அம்மாக்களுக்கும் இதேதான். இங்கிலீஷில் நன்றாக இருந்தால் இங்கிலீஷிலேயே சொல்லுங்கள், குழந்தைக்கு அது புரியும், சிரிக்கும். தமிழில் சொல்வதென்றால் தமிழில் செய்து சொல்லுங்கள்.

அப்படி உங்கள் வீட்டில் செய்தது ஏதாவது இருந்தால் எனக்கும் அனுப்புங்கள். இரண்டு, நாலு, ஒன்பது இந்த மூன்று நம்பருக்கும் இன்னும் எனக்குச் சரியான கடி மாட்டவில்லை. பெண் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.